கேஸ் அறிக்கை: தன் செங்குழியத்தைத் தானே அழித்த நாய். "முதன்மை" என்ற சொல் நிற்குமா?

வாவிக்கரை

வணக்கம். பேராதனையில் மிருக வைத்தியம் இறுதி வருடம். விடுமுறையில் மட்டக்களப்பில் ஒரு கிளினிக்கில் நின்றபோது வந்த நாயை வைத்துக் கேஸ் அறிக்கை எழுதியிருக்கிறேன். தலைப்பு "ஒரு பெட்டை நாயில் முதன்மை நிர்ப்பீடனச் செங்குழிய அழிவு". "முதன்மை" என்றால் அதைத் தூண்டிய வேறு நோய் பின்னால் இல்லை என்ற அர்த்தம். மேற்பார்வையாளருக்கு அனுப்ப முன்னம் இங்க உள்ள ஆக்கள் பார்த்து, எது நிக்காது எண்டு சொன்னால் பெரிய உதவி.

கல்லடியில் வளர்ந்த பொமரேனியன் கலப்பு, 6 வயது, 11 கிலோ, கருப்பை எடுத்தது. இரண்டு நாளாகச் சாப்பாடில்லை, படி ஏறுதில்லை, மூத்திரம் வெறும் தேத்தண்ணி நிறம். முரசு வெளிறல், கண் வெள்ளையில் மஞ்சள், காய்ச்சல் 39.8 பாகை, நாடி 168. காதுக்குள் இரண்டு உண்ணி.

மெஷின் தந்த கணக்கு: செங்குழியம் மைக்ரோலீட்டருக்கு 11 இலட்சம், எம்சிவி 98, ஹீமட்டோகிரிட் 10.8, ஈமோகுளோபின் 5.4, எம்சிஎச்சி 50, வெண்குழியம் 38,000, குருதிச்சிறுதட்டு 62,000. நுண்குழாயில் சுழற்றிப் பார்த்த பிசிவி, அதாவது இரத்தத்தில் செங்குழியத்தின் பங்கு, 14 சதவீதம். பிளாஸ்மா செம்மஞ்சள், புரதம் 7.2. ஒரு துளி இரத்தத்தோடு ஒரு துளி சேலைன் கலந்தபோது கட்டி கட்டியாகத் திரண்டது. ஸ்லைடில் நடு வெளிறல் இல்லாத உருண்டைச் செங்குழியமான ஸ்பீரோசைட் நிறைய. உண்ணியால் பரவும் செங்குழிய ஒட்டுண்ணியான பபேசியா தெரியவில்லை.

அன்றே பிரெட்னிசொலோன் நாளுக்கு 22.5 மி.கி., டொக்சிசைக்ளின் 50 மி.கி. இரண்டு வேளை. பின்னேரம் வேறொரு நாயின் இரத்தம் 180 மி.லீ. ஏற்றினோம். ஏற்றி 40 நிமிடத்தில் உதடு துடித்துச் சத்தி எடுத்தது. நிப்பாட்டி, பிறகு மெதுவாக முடித்தோம். அடுத்த நாள் பிசிவி 21, மூன்றாம் நாள் 17, ஐந்தாம் நாள் 16. அப்போது அசதியோபிரின் 25 மி.கி. சேர்த்தோம். எட்டாம் நாள் திடீரென்று மூச்சு நிமிடத்துக்கு 60. ஒக்சிசன் வைத்து, குளோபிடோகிரெல் தொடங்கினோம். இரண்டு நாளில் மூச்சு இறங்கியது. பன்னிரண்டாம் நாள் பிசிவி 22, இருபத்திநாலாம் நாள் 33.

அறிக்கையில் நான் எழுதிய முடிவுகள்: இரத்தம் ஏற்றியது பலனளிக்கவில்லை, உதடு துடித்தது இரத்த ஒவ்வாமை, எட்டாம் நாள் நியூமோனியா.

கல்முனை ரோசி

தங்கச்சி, எங்கட ரோசிக்கும் இதே செங்கமாரிதான் வந்தது. கண் மஞ்சள், மூத்திரம் மஞ்சள். கீழ்காய்நெல்லி அரைச்சு மோரில குடுத்தம், சுகமாகிட்டு. உங்கட நாய்க்கு ஈரலுக்கு ஒரு மருந்தும் குடுக்கல்லையே, அது ஏன்? ஈரல் பழுதாகித்தானே மஞ்சள் வரும்?

மாவடிவேம்பு

ரோசியம்மா, மஞ்சள் ஈரலால் மட்டும் வருவதில்லை. செங்குழியம் அளவுக்கு மீறி உடைந்தால், அதில் இருந்து வரும் பிலிருபினை நல்ல ஈரலாலும் கழித்து முடிக்க ஏலாது. இந்த நாயின் முரசு வெளிறிப் போய் பிசிவி 14இல் நிற்கிறது. ஈரல் நோயில் மஞ்சள் வரும், ஆனால் இரண்டு நாளில் இரத்தம் மூன்றில் ஒன்றாக இறங்காது. இரத்தம் வெளியே கொட்டியதா என்று பார்த்தால், அதற்குப் புரதமும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். இங்கே 7.2இல் அப்படியே நிற்கிறது. ஆகவே உடைவுதான். உங்கள் ரோசிக்கு அப்போது பிசிவி எவ்வளவு என்று தெரியாமல் அது இதே நோய் என்று சொல்ல முடியாது. எலிக்காய்ச்சலிலும் மஞ்சள் வரும், வயல் பக்கத்து நாய்க்கு அதை முதலில் நினைக்க வேண்டும்.

வாவிக்கரை, நீங்கள் மெஷின் கணக்கை அட்டவணையில் போட்டுவிட்டு அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இந்தக் கேஸின் நல்ல சாட்சி அதற்குள்தான் கிடக்கிறது.

நாயின் எம்சிவி சாதாரணமாக 60 முதல் 77. அது 98க்குப் போகாது. எம்சிஎச்சி 50 என்பது செங்குழியத்துக்குள் இடமே இல்லாத அளவு. என்ன நடந்தது? இரண்டு மூன்று குழியம் ஒட்டிக்கொண்டு துளையால் போகும்போது மெஷின் அதை ஒரே பெரிய குழியமாக எண்ணுகிறது. எண்ணிக்கை குறைகிறது, அளவு கூடுகிறது, இரண்டையும் பெருக்கி வரும் ஹீமட்டோகிரிட் பொய்யாகிறது. 11 இலட்சத்தையும் 98ஐயும் பெருக்கிப் பாருங்கள், 10.8 அப்படியே வரும். சுழற்றிப் பார்த்த 14தான் உண்மை. ஈமோகுளோபினை மெஷின் குழியத்தை உடைத்து அளப்பதால் அது ஏறத்தாழச் சரி. 14க்கு எதிர்பார்ப்பது மூன்றில் ஒன்று, 4.7. உங்களுக்கு 5.4 வந்திருக்கிறது. மிச்சம் பிளாஸ்மாவில் கரைந்து கிடந்த ஈமோகுளோபின். நாளத்துக்குள்ளேயே உடைந்திருக்கிறது என்பதற்கு மூத்திரத்தோடு இது இரண்டாவது சாட்சி.

இன்னொன்று. மெஷின் இரத்தத்தை நூற்றுக்கணக்கான மடங்கு ஐதாக்கும். அதற்குப் பிறகும் பிரியாத ஒட்டு, வெறும் நாணய அடுக்கு இல்லை. நீங்கள் ஒன்றுக்கு ஒன்று சேலைன் போட்டது தவறு, அதை வைத்து மட்டும் ஒட்டு என்று எழுதினால் யாரும் அடித்துப் போடுவார்கள். மெஷின் எண்கள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன.

அக்கரை லாப்

நான் மனித ஆய்வுகூடத்தில வேலை, நாய் இரத்தம் பழக்கமில்லை, ஆனா கழுவுற வேலை ஒண்டுதான். தங்கச்சி செய்ய வேண்டியிருந்தது இது. முதல் ஒரு துளி இரத்தத்துக்கு நாலு துளி சேலைன், கண்ணாடியை ஆட்டி, மேல கவர்சிலிப் போட்டு நுணுக்குக்காட்டியில பார்க்கணும். அடுக்கின சில்லறைக் காசு மாதிரி நீட்டுக்கு நிண்டா அது அடுக்கு. புரதம் கூடின நோய்களில அப்படி நிக்கும், சேலைன் கூடக் கூடப் பிரியும். திராட்சைக்குலை மாதிரி ஒழுங்கில்லாமத் திரண்டா ஒட்டு.

சந்தேகம் எண்டா கழுவணும். ஊதா மூடிக் குழாயில இருந்து நாலைஞ்சு துளி எடுத்து 5 மி.லீ. சேலைனில போட்டு, மெல்லமாக் கவிழ்த்துக் கலக்கி, குறைஞ்ச வேகத்தில 5 நிமிஷம் சுழற்றி, மேல் தண்ணியை எடுத்துப் போட்டு, திரும்பப் புதுச் சேலைன். இப்படி மூண்டு தரம். மூண்டாம் தரம் சேலைன் தெளிவா நிக்கணும். அதுக்குப் பிறகும் குலையா நிண்டா பிறபொருளெதிரிதான் பிடிச்சிருக்கு. கனக்க வேகத்தில சுழற்றினா அடியில இறுகி, உண்மையில ஒட்டாத குழியமும் ஒட்டின மாதிரித் தெரியும். புதுசா ஆரம்பிக்கிற ஆக்கள் எல்லாரும் விடுற பிழை அது.

கூம்ஸ் சோதனை ஏன் செய்யல்ல? எங்கட லாப்பில கூம்ஸ் மருந்து எப்பவும் இருக்கு. கொண்டு வந்திருந்தா பத்து நிமிஷத்தில செய்து தந்திருப்பன்.

மாவடிவேம்பு

நானா, கழுவுவதில் நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. கூம்ஸ் மட்டும் ஆகாது. உங்களிடம் இருப்பது மனிதப் பிறபொருளெதிரியைப் பிடிக்கும் மருந்து. நாயின் பிறபொருளெதிரியை அது நம்பத்தக்கதாகப் பிடிக்காது, இல்லை என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. நாய்க்கென்று செய்த மருந்து வேண்டும். அதோடு கழுவிய பிறகும் தானே ஒட்டிக்கொண்டிருக்கும் இரத்தத்தில் கூம்ஸ் தேவையில்லை. அது தேடுவதைக் கழுவல் ஏற்கனவே காட்டிவிட்டது.

ஸ்பீரோசைட்டை எண்ணி எழுதுங்கள், "நிறைய" என்று எழுத வேண்டாம். நூறு மடங்கு எண்ணெய் வில்லையில், குழியங்கள் ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் ஒற்றை அடுக்காக நிற்கும் இடத்தில் எண்ண வேண்டும். ஒரு புலத்துக்கு 5 அல்லது கூட என்றால் வலுவான சாட்சி. இறகு நுனிக்குப் போனால் எல்லாக் குழியமும் தட்டையாகி நடு வெளிறல் போய்விடும், அங்கே எண்ணினால் ஆரோக்கியமான நாய்க்கும் இந்த நோய் இருக்கும். ஸ்லைடு இரத்தம் ஏற்ற முன்னம் இழுத்ததா?

வாவிக்கரை

ஏற்ற முன்னம், டொக்டர். ஸ்லைடு என்னிடம்தான் இருக்கு. இன்றைக்குத் திரும்ப எண்ணினேன். பத்துப் புலம் பார்த்ததில் சராசரி 12. சிறுதட்டும் எண்ணினேன், புலத்துக்கு 4.

மாவடிவேம்பு

நல்லது. புலத்துக்கு ஒரு சிறுதட்டை 15,000 முதல் 20,000 வரை கொள்ளலாம். 4 என்றால் 60,000 முதல் 80,000. மெஷினின் 62,000 உண்மைதான், சிறுதட்டுகள் திரண்டதால் வந்த பொய் இல்லை. இந்த எண்ணை மறக்காதீர்கள், திரும்ப இதற்கு வருவோம்.

சந்திவெளி

நான் உங்கள் பீடத்தில் ஒரு வருடம் கீழே. அக்கா, ஐந்தாம் நாள் பிசிவி 16 வரும்போது பிரெட்னிசொலோனை ஏன் கூட்டவில்லை? கிலோவுக்கு 4 மி.கி. வரை போகலாம் என்று படித்த நினைவு. இரண்டு மருந்து போட்டு எலும்பு மச்சையையும் அடக்குவதைவிட ஒரே மருந்தைக் கூட்டுவது நல்லதில்லையா?

வயல்வெளி

தம்பி, அது பழைய பழக்கம். நாளுக்குக் கிலோவுக்கு 2 மி.கி.க்கு மேலே போனால் நோய் கூடுதலாக அடங்குவதில்லை. தாகம், மூத்திரம், தசை உருகல், வயிற்றுப் புண் எல்லாம்தான் கூடும், இரத்தம் உறையும் நாட்டமும் கூடும். பெரிய நாய்க்கு 2 கூட மிச்சம், 25 கிலோவுக்கு மேலே என்றால் உடற்பரப்புக் கணக்கில் சதுர மீட்டருக்கு 50 முதல் 60 மி.கி.தான். இந்த 11 கிலோவுக்கு 22 மி.கி. என்பது உச்சம், 5 மி.கி. குளிசையில் நாலரை. சரியாகத்தான் குடுத்திருக்கிறார்கள். அடங்கவில்லை என்றால் இரண்டாவது மருந்து சேர்ப்பதே வழி.

அசதியோபிரின் கிலோவுக்கு 2 மி.கி., 50 மி.கி. குளிசையில் அரை. ஆனால் அது மெதுவாக வேலை செய்யும் மருந்து. ஐந்தாம் நாள் தொடங்கி பன்னிரண்டாம் நாள் பிசிவி ஏறியதற்கு அதைக் காரணம் காட்டாதீர்கள். எலும்பு மச்சை புதுக் குழியம் விட மூன்று முதல் ஐந்து நாள் எடுக்கும், அதைத்தான் பார்க்கிறீர்கள். குளிசை உடைக்கும்போது கையுறை போட வீட்டுக்காரருக்குச் சொன்னீர்களா? வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அவர் தொடவே கூடாது.

வாவிக்கரை

கையுறை சொன்னோம். ரெட்டிகுலோசைட் முதல் நாள் 0.8 சதவீதம்தான் இருந்தது, அதால் "மச்சை வேலை செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அதையும் மாத்த வேணும் போல.

வயல்வெளி

மாத்துங்கோ. நோய் தொடங்கி இரண்டு நாள். மச்சைக்கு இன்னும் பதில் சொல்ல நேரம் குடுக்கவில்லை. ஆறு ஏழாம் நாள் திரும்ப எண்ணினீர்களா? எண்ணவில்லை என்றால் அந்த நாள் ஸ்லைடில் நீலம் பூத்த பெரிய குழியங்களைத் தேடுங்கள்.

மாவடிவேம்பு

இப்போது இரத்தம் ஏற்றியதற்கு வருவோம், இதில்தான் இரண்டு முடிவும் பிழை.

"பலனளிக்கவில்லை" என்று எப்படி எழுதலாம்? முழு இரத்தம் கிலோவுக்கு 2 மி.லீ. போனால் பிசிவி ஒன்று ஏறும். 11 கிலோ நாயை 14இல் இருந்து 22க்குக் கொண்டுபோக 176 மி.லீ. நீங்கள் 180 ஏற்றி 21 எடுத்தீர்கள். கணக்குக்கு அச்சொட்டாக வந்திருக்கிறது. பிறகு 17, 16 என்று இறங்கியது ஏற்றிய குழியமும் நாயின் சொந்தக் குழியமும் சேர்ந்து அழிந்ததால். இரத்தம் ஏற்றுவது நோயை நிப்பாட்ட இல்லை, மருந்து வேலை செய்யும் வரை மூளைக்கும் இருதயத்துக்கும் ஒக்சிசன் போக நாள் வாங்குவதற்கு. மூன்று நாள் வாங்கித் தந்திருக்கிறது.

உதடு துடித்த விஷயம். எந்தப் பையில் எடுத்தீர்கள், உள்ளே இருந்த மருந்தை என்ன செய்தீர்கள்?

வாவிக்கரை

மனித இரத்தப் பை, 350 மி.லீ. அளவு. உள்ளே இருந்த உறைதடுப்பு மருந்தை அப்படியே விட்டு 180 எடுத்தோம். ஏற்றும்போது வெப்பம் 39.6இல் இருந்து கூடவில்லை, தோலில் தடிப்பும் இல்லை.

மாவடிவேம்பு

அந்தப் பையில் 49 மி.லீ. சிட்ரேட் மருந்து இருக்கிறது. அது 350 மி.லீ. இரத்தத்துக்கான அளவு, நூறுக்கு 14. 180 மி.லீ.க்கு 25 மி.லீ. போதும். மிச்சம் 24 மி.லீ.யைக் குருதி எடுக்க முன்னமே சுத்தமாக வெளியேற்றியிருக்க வேண்டும். கூடிய சிட்ரேட் நாயின் இரத்தத்தில் உள்ள கல்சியத்தைக் கட்டிப்போடும். உதடு, முகம் துடிக்கும், சத்தி வரும், கூடினால் இருதய ஒழுங்கு குலையும். காய்ச்சல் ஏறாமல், தடிப்பு இல்லாமல், வேகத்தைக் குறைத்ததும் அடங்கிய துடிப்பை நான் சிட்ரேட் என்றுதான் நினைப்பேன். ஆனால் அயனாக்கிய கல்சியம் அளக்காமல் அதை உறுதியாக எழுத முடியாது. "இரத்த ஒவ்வாமை" என்பதை எடுத்துவிட்டு, "சிட்ரேட் மிகை சாத்தியம், கல்சியம் அளக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். அளக்காததை அளக்கவில்லை என்று எழுதுவது குறை இல்லை.

வேகமும் எழுத வேண்டும். முதல் அரை மணித்தியாலம் மணிக்குக் கிலோவுக்கு அரை முதல் ஒரு மி.லீ., நாடி, மூச்சு, வெப்பம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருக்கா. பிறகு கூட்டி, மொத்தம் நாலு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும்.

கல்முனை ரோசி

நாய்க்கு இரத்த வகை பார்க்கத் தேவையில்லையா? மனிசருக்கு எண்டா பார்க்காம ஒரு துளியும் ஏத்த மாட்டாங்களே.

மாவடிவேம்பு

நல்ல கேள்வி. நாய்களில் முதல் தரம் பெரும்பாலும் பெரிய எதிர்ப்பு வராது, மற்ற நாயின் முக்கிய வகைக்கு எதிரான பிறபொருளெதிரி பிறவியிலேயே இருப்பதில்லை. ஏற்றிய பிறகுதான் உருவாகும், அதனால் இரண்டாம் தரம் பார்க்காமல் ஏற்றக்கூடாது. இந்த நாயில் வேறு ஒரு சிக்கல்: வகை பார்க்கும் அட்டை ஒட்டை வைத்தே வகை சொல்கிறது. தானே ஒட்டும் இரத்தம் எல்லா அட்டையிலும் ஒட்டும். பார்த்தாலும் நம்ப ஏலாது.

சந்திவெளி

எட்டாம் நாள் மூச்சு? ஸ்டீரோயிட், அசதியோபிரின் இரண்டும் போட்ட நாய்க்கு நியூமோனியா வருவது நியாயம்தானே.

மாவடிவேம்பு

வரலாம். ஆனால் எக்ஸ்ரேயில் என்ன இருந்தது என்று வாவிக்கரை எழுதவில்லை.

வாவிக்கரை

பெரிசா ஒன்றுமில்லை. இருமல் இல்லை, வெப்பம் 38.7, கேட்டால் நுரையீரல் சத்தம் சுத்தம். முரசு அன்றைக்குக் கொஞ்சம் நீலம் பாய்ந்தது.

மாவடிவேம்பு

நிமிடத்துக்கு 60 மூச்சு, நீல முரசு, சுத்தமான எக்ஸ்ரே. இந்த நோயில் இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைப்பது நுரையீரல் நாடியில் உறைகட்டி. நோய் தொடங்கி முதல் இரண்டு கிழமையில் நாய்களைக் கொல்வது அனேகமாக இரத்தக் குறைவு இல்லை, இந்த உறைகட்டிதான். அதனால்தான் உறைதடுப்பு மருந்தை முதல் நாளே தொடங்கச் சொல்கிறார்கள். ஏன் எட்டாம் நாள் வரை வைத்திருந்தீர்கள்?

வாவிக்கரை

சிறுதட்டு 62,000 என்பதால் இரத்தம் கசியும் என்று பயந்து.

மாவடிவேம்பு

இதற்காகத்தான் அந்த எண்ணை மறக்க வேண்டாம் என்றேன். 30,000க்குக் கீழே போனால் நிப்பாட்டி யோசிக்கலாம். 62,000 தடையில்லை. குளோபிடோகிரெல் 75 மி.கி. குளிசையில் கால் பங்கு, கிட்டத்தட்ட 19 மி.கி., கிலோவுக்கு 1.7. நாய்க்குச் சொல்லும் 1.1 முதல் 4 என்ற அளவுக்குள் நிற்கிறது. அந்தக் கால் குளிசை முதல் நாள் பின்னேரமே போயிருக்கலாம். உறைகட்டியை நிரூபிக்கச் சிடி தேவை, உங்களிடம் இல்லை. "நியூமோனியா" என்பதை எடுத்து, "நுரையீரல் உறைகட்டி சந்தேகம், நிரூபிக்கப்படவில்லை" என்று போடுங்கள். தாமதத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் அறிக்கையை வாசிக்கும் அடுத்த ஆளுக்கு அந்த வரிதான் உதவும்.

வயல்வெளி

எல்லாம் சரி, ஆனால் தலைப்பில் உள்ள "முதன்மை"யை யாரும் தொடவில்லை. காதுக்குள் உண்ணி, சிறுதட்டு 62,000, காய்ச்சல். மட்டக்களப்பில் ஒரு நாய். பபேசியா கிப்சொனியை வெளியே தள்ளாமல் எப்படி முதன்மை? அந்தச் சின்னப் பபேசியா இருந்தாலும் ஸ்பீரோசைட் வரும், ஒட்டு வரும், கூம்ஸும் பிடிக்கும். இவ்வளவு நேரம் நீங்கள் சேர்த்த சாட்சி எல்லாம் நிர்ப்பீடனம் அழித்தது என்று காட்டும். எது அதைக் கிளப்பியது என்று காட்டாது.

என் கருத்தைச் சொல்கிறேன், மாவடிவேம்பு டொக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்: பபேசியா இருக்கலாம் என்றால் முதலில் அதை அடிக்க வேண்டும். நிர்ப்பீடனத்தை அடக்கினால் ஒட்டுண்ணி பெருகும்.

மாவடிவேம்பு

தலைப்பைப் பற்றி முழுதாக ஒத்துக்கொள்கிறேன். சிகிச்சையில் இல்லை. பிசிவி 14, தானே ஒட்டும் இரத்தம், நாளத்துக்குள் உடைவு. பிசிஆர் முடிவு வரும் வரை காத்திருந்தால் நாய் இருக்காது. அடக்கவும் வேண்டும், ஒட்டுண்ணியையும் தேட வேண்டும், இருந்தால் அடக்கும் மருந்தைச் சீக்கிரம் குறைக்க வேண்டும். ஒட்டுண்ணிக்கு மட்டும் மருந்து குடுத்து, இரத்தம் ஏற்றி, ஸ்டீரோயிட் இல்லாமல் எழும்பும் நாய்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. எந்த நாய் எழும்பும் என்று முதல் நாளே சொல்லத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

ஸ்டீரோயிட்டுக்குச் சுகமானது என்பதும் பபேசியாவை விலக்காது. ஸ்டீரோயிட் மண்ணீரல் குழியத்தை விழுங்குவதைக் குறைக்கும், பபேசியா நாய்க்கும் பிசிவி ஏறும். டொக்சி பபேசியாவைக் கொஞ்சம் அமத்தும், துடைக்காது. மருந்து குறைக்கும்போது திரும்ப வரும்.

வாவிக்கரை

முதல் நாள் ஸ்லைடைத் திரும்ப எடுத்து இரவு இரண்டு மணித்தியாலம் இருந்து பார்த்தேன். ஓரத்தில் ஆறு இடத்தில் குழியத்துக்கு மேலே ஊதாப் புள்ளி. நாலில் புள்ளியைச் சுற்றி வெள்ளை வட்டம் இருக்கு, நிறம் பக்கத்தில் உள்ள சிறுதட்டு மாதிரியே. மற்ற இரண்டும் வேறு மாதிரி: குழியத்துக்குள் ஒரு மெல்லிய நீல வளையம், அதன் ஒரு ஓரத்தில் சிவப்புப் பொட்டு. வளையம் குழியத்தின் ஆறில் ஒன்று அளவு. படம் போட்டிருக்கிறேன்.

அக்கரை லாப்

முதல் நாலும் சிறுதட்டு, குழியத்துக்கு மேல ஏறிக் கிடக்கு. வெள்ளை வட்டம் அதுதான். சாயப் படிவு எண்டா இன்னொரு வழி இருக்கு: நுணுக் குமிழை மெல்லத் திருப்பினா குழியம் தெளிவா நிக்கும்போது புள்ளி மங்கும், புள்ளி தெளியும்போது குழியம் மங்கும். ஒட்டுண்ணி குழியத்தோட ஒரே தளத்தில நிக்கும். கடைசி இரண்டையும் அப்படித் திருப்பிப் பார்த்தீங்களா? மலேரியா வளையம் பார்த்த கண்ணுக்கு அது ரெண்டும் வளையம் மாதிரித்தான் இருக்கு.

வாவிக்கரை

திருப்பிப் பார்த்தேன் நானா. இரண்டும் குழியத்தோடு சேர்ந்தே தெளியுது, சேர்ந்தே மங்குது.

மாவடிவேம்பு

படத்தில் எனக்கும் ஒன்று பபேசியாவாகத் தெரிகிறது, மற்றது நிச்சயமில்லை. ஒரு முழு ஸ்லைடில் இரண்டு என்பது சின்னப் பபேசியாவுக்கு ஆச்சரியமில்லை, பல நாய்களில் ஒன்றுமே தெரியாது. இதை வைத்து முடிவு எழுத வேண்டாம். முதல் நாள் ஊதா மூடிக் குழாய் மிச்சம் இருக்கிறதா?

வாவிக்கரை

கிளினிக்கின் உறைபெட்டியில் அரை மி.லீ. இருக்கு. இருபத்திநாலாம் நாள் எடுத்ததும் இருக்கு, அது கூட, நல்ல நிலையில். எதை அனுப்ப?

மாவடிவேம்பு

முதல் நாளதை. உறைந்த இரத்தம் கழுவவும் ஸ்லைடுக்கும் உதவாது, பிசிஆருக்கு உதவும். இருபத்திநாலாம் நாள் இரத்தத்தில் பபேசியா வந்தால், அது இந்த நாயில் ஏற்கனவே இருந்ததா, இரத்தம் தந்த நாயில் இருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது. தந்த நாயைப் பரிசோதித்தீர்களா?

வாவிக்கரை

பிசிவி 44 மட்டும் பார்த்தோம். உண்ணி இருக்கவில்லை.

மாவடிவேம்பு

உண்ணி இல்லாததால் பபேசியா இல்லை என்றாகாது, கிப்சொனி நாய்க் கடியாலும் தொற்றும். அந்த நாயின் மாதிரியையும் சேர்த்து அனுப்புங்கள். குழாய்களை உப்புக் கலந்த ஐஸ் கட்டியோடு பெட்டியில் வைத்து, பேராதனை போய்ச் சேரும்வரை இளக விடாதீர்கள். இளகித் திரும்ப உறைந்தால் கிடைக்கும் டிஎன்ஏ குறையும். வடிவம் ஒன்றைச் சொல்லும், கிப்சொனியா என்பதைப் பிசிஆர்தான் சொல்லும். அது முக்கியம், ஏனென்றால் பெரிய பபேசியாவுக்கு நல்ல மருந்தான இமிடோகார்ப் கிப்சொனியைத் துடைக்காது. கிப்சொனி என்றால் அட்டோவாகுவோன் கிலோவுக்கு 13.3 மி.கி. மூன்று வேளை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு, அசித்ரோமைசின் 10 மி.கி. ஒரு வேளை, பத்து நாள். முட்டை மஞ்சளோ இறைச்சிக் கொழுப்போ இல்லாமல் குடுத்தால் அட்டோவாகுவோன் உடலில் சேராது. மருந்து முடிந்து 60ஆம், 90ஆம் நாள் திரும்பப் பிசிஆர்.

வயல்வெளி

முடிவு வரும் வரை ஸ்டீரோயிட்டைக் குறைக்கலாமா? பிசிவி 33 ஆகிவிட்டது.

மாவடிவேம்பு

முதன்மை என்றால், பிசிவி 30க்கு மேலே இரண்டு கிழமை ஆடாமல் நின்ற பிறகு மூன்று கிழமைக்கு ஒருக்கா நாலில் ஒரு பங்கு குறைப்பது வழக்கம். ஒவ்வொரு குறைப்புக்கும் முன்னம் பிசிவியும் ஸ்லைடும் பார்க்க வேண்டும். இந்த நாயில் 33 ஒரு தரம்தான் வந்திருக்கிறது. பபேசியா உறுதியானால் நான் அதைவிட வேகமாகக் குறைப்பேன், எவ்வளவு வேகமாக என்பதில் உங்களுக்கும் எனக்கும் ஒத்துவராது என்று நினைக்கிறேன்.

வயல்வெளி

வராது. நான் அசதியோபிரினை அன்றே நிப்பாட்டுவேன்.

வாவிக்கரை

தலைப்பை மாத்திவிட்டேன்: "ஒரு பெட்டை நாயில் நிர்ப்பீடனச் செங்குழிய அழிவு: தூண்டியது நிச்சயமில்லை, பபேசியா கிப்சொனி பிசிஆர் எதிர்பார்க்கப்படுகிறது". மூன்று குழாயும் நாளைக் காலை கண்டி பஸ்ஸில் என்னோடு வருது. முதல் நாள் குழாயில் அரை மி.லீ.தான் இருக்கு, பிசிஆருக்கு அது காணுமா நானா?

அக்கரை லாப்

காணும், 200 மைக்ரோலீட்டரே போதும். முழுதையும் ஒரே தரம் எடுக்க விடாதீங்க, பாதியை அங்கேயே உறைபெட்டியில வைக்கச் சொல்லுங்க. குழாயில நாளையும் "ஏற்ற முன்னம்" எண்டதையும் பென்சிலால எழுதி ஒட்டுங்க. பேனை மை ஐஸ் தண்ணி பட்டால் அழிஞ்சிடும்.